அப்பா சொல்லாமல் எழுதிவைத்த கடை: எனக்கு உரிமை உண்டா?

அன்புள்ள வக்கீல் அம்மாவுக்கு,

நான் வீட்டுக்கு மூத்தவள். வயது 45. எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. 220 சதுர அடி இடத்தை 1989-ல் அவரே கிரயம் வாங்கினார். 1997-ல் விபத்தில் கால் முறிந்து அவர் எட்டு மாதம் படுத்திருந்தபோது, பிளஸ் டூ முடித்திருந்த நான் கல்லாவில் உட்கார்ந்தேன். கல்லூரிக்குப் போகவில்லை. 2003-ல் திருமணமாகித் திருமங்கலம் வந்துவிட்டேன். பிறகு தம்பி கடைக்கு வந்தான்.

சென்ற ஆண்டு ஆவணியில் அப்பா இறந்துவிட்டார். தம்பி வங்கியில் கடன் கேட்டபோது வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2010-லேயே அப்பா கடையை என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்திருக்கிறார்! பதறிப்போய், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “சத்தியமாக எனக்கு ஒன்றுமே தெரியாது” என்று எழுதினேன். பிறகுதான் நினைவு வந்தது. 2012-ல் அப்பா ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, “இது உன்னிடமே இருக்கட்டும்” என்றார். பிரித்தே பார்க்காமல் பீரோவில் வைத்திருந்தேன். அசல் பத்திரம் அதில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வரி விஷயம் என்று மாநகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போய் ஏதோ ஒரு மனுவில் கையெழுத்து வாங்கினார்.

“உனக்கே தெரியாத பத்திரம் செல்லாது, இத்தனை வருடம் உழைத்தவன் நான், இந்த மாதத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு” என்கிறான் தம்பி. இடம் வாங்கியதே தாத்தா காசில்தான் என்றும் சொல்கிறான். அம்மாவிடம் கேட்டால், “உங்கள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். எனக்குச் சண்டை வேண்டாம். ஆனால் அப்பா ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தூக்கம் வரவில்லை. பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மாதத்துக்குள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பத்திரத்தை, “வங்கியில் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், போதும். நீங்கள் கடைசியில் கடையைத் தம்பிக்கே கொடுப்பதாக முடிவெடுத்தாலும், அந்த முடிவை நிதானமாக எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வங்கிக் கடன் அவருடைய அவசரம். அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய ஆறு பக்கங்களையும் படித்தேன். பத்திரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது எது, பலவீனமாக இருப்பது எது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

இது உயில் அல்ல

தம்பி தரப்பில் சிலர் இதை உயில் என்று பேசுவார்கள். உயிலை எழுதியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அவர் இறந்த பிறகுதான் அதற்கு உயிரே வரும். செட்டில்மெண்ட் அப்படியல்ல. விலை வாங்காமல் எழுதிக்கொடுப்பதால் இது தானம். எழுதிப் பதிவு செய்து, பெறுகிறவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் அன்றைக்கே சொத்து கைமாறிவிடும். பிறகு எழுதிக் கொடுத்தவரே மனம் மாறினாலும் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகத்தில் பதிகிறார்கள். உயில்களை 3-ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது என்பதால் உயில் அதில் வராது. வங்கி எடுத்த வில்லங்கத்தில் உங்கள் பத்திரம் வந்தது என்பதே அது உயில் அல்ல என்பதற்கு அடையாளம். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்திலும், “இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன்” என்று இருக்கிறது. அடுத்த வரியில், “என் ஜீவிதகாலம் வரை நானே அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று அப்பா தனக்கு ஆயுள் அனுபவத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

இந்த இரண்டாவது வரியைக் காட்டி, “சுவாதீனமே கொடுக்கவில்லையே, அப்புறம் எப்படித் தானம்?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவு செய்த பத்திரமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. சுவாதீனத்தைக் கையோடு ஒப்படைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கொடுத்தவர் ஆயுள் வரை தானே அனுபவிக்கிறேன் என்று நிறுத்திவைத்துக்கொண்டாலும் தானம் செல்லும் என்று 2014-ல் ரேணிகுண்ட்ல ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்

உங்கள் வழக்கின் கழுத்து இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கே தெரியாத பத்திரம் செல்லாது என்று தம்பி சொல்வதை அர்த்தமில்லாதது என்று தள்ளிவிட முடியாது. அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவு, தானம் பெறுகிறவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. பதிவு மட்டும் போதாது. உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அப்பா மட்டும்தான். “நானும் ஒப்புக்கொண்டேன்” என்று நீங்கள் போட்ட கையெழுத்து அதில் இல்லை. அப்பா மறைந்த பிறகு, “நான் இப்போது ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்வதால் பயனும் இல்லை.

அதனால் ஏற்பு அவர் உயிரோடு இருந்தபோதே நடந்ததா என்பதுதான் கேள்வி. ஏற்பை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நடத்தையாலும் காட்டலாம். பெறுகிறவருக்கு எந்தச் சுமையும் வைக்காத தானம் என்றால் சிறிய அடையாளம்கூடப் போதும் என்றே நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சிறிய அடையாளமாவது இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு வழக்கில் மேலூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு அதுகூட இல்லை. பத்திரம் தகப்பனாரின் இரும்புப் பெட்டியிலேயே இருந்தது, வரி அவர் பெயரிலேயே போனது, நடுவில் அதே சொத்தை அவரே அடமானமும் வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பத்திரத்தில் பெயர் மட்டும்தான் மிஞ்சியது.

நீங்கள் அந்த நிலையில் இல்லை. போகிற போக்கில், “ஏதோ ஒரு மனுவில்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனுதான் உங்கள் வழக்கைத் தாங்கப்போகிறது. 2011-ல் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து, பெரும்பாலும் சொத்து வரி விதிப்பில் பெயர் மாற்றம் கேட்கும் விண்ணப்பத்தில் போட்டதாக இருக்கும். பையில் இருக்கும் வரி ரசீதுகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2011-ன் முதல் அரையாண்டு வரை வரி செலுத்துபவர் இடத்தில் அப்பாவின் பெயர். இரண்டாம் அரையாண்டு முதல் உங்கள் பெயர். பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு உரிமைப் பத்திரத்தின் நகலையும் வைப்பார்கள். “இந்தப் பத்திரப்படி நான் உரிமையாளர், என் பெயருக்கு வரியை மாற்றுங்கள்” என்று அப்பா பக்கத்தில் நிற்க, அவர் உயிரோடு இருக்கும்போதே, நீங்கள் அரசு அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால் அதைவிட நல்ல ஏற்பு வேறு என்ன வேண்டும்? மறு ஆண்டே அசல் பத்திரம் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

அந்த விண்ணப்பத்தின் நகல் உங்களிடம் இல்லை. மாநகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வரி விதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, பெயர் மாற்ற விண்ணப்பம், இணைப்புகள், அதன்மேல் போட்ட உத்தரவு ஆகிய மூன்றின் நகலையும் கேளுங்கள். பழைய கோப்பு என்பதால் இன்றே கேட்பது நல்லது. அது கிடைத்துப் பார்த்த பிறகுதான் நான் முழு உறுதியோடு பேச முடியும். அதில் பத்திரத்தின் எண்ணோ நகலோ இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. இல்லாமல் வெறும் வரிப் படிவமாக இருந்தால் பையையும் ரசீதுகளையும் சாட்சிகளையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும்.

இனி வாட்ஸ்அப் செய்தி. அதை அழிக்காதீர்கள். அழித்தால், மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பெயர் வரும். மற்றவர்கள் கைப்பேசியில் அது இருக்கத்தான் செய்யும். அதற்காக, “எனக்கு எல்லாம் தெரியும்” என்று இப்போது மாற்றியும் பேசாதீர்கள். பொய்யைக் குறுக்கு விசாரணையில் காப்பாற்ற முடியாது, நீங்கள் பொய் சொல்கிறவரும் அல்ல. ஆனால் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். “எனக்கு ஒன்றுமே தெரியாது” என்பது உங்கள் அதிர்ச்சியின் குரல். முழு உண்மை வேறு: “பத்திரத்தின் வாசகம் எனக்குத் தெரியாது. ஆனால் கடை வரியை என் பெயருக்கு மாற்ற அப்பா அழைத்தபோது போனேன், கையெழுத்துப் போட்டேன். அவர் கொடுத்ததை வாங்கிப் பன்னிரண்டு வருடம் பாதுகாத்தேன்.” வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதிலில் இருக்க வேண்டியது இதுதான். அன்று அப்பா உங்களிடம் என்ன சொன்னார், எந்த அறையில், யார் இருந்தார்கள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் இன்றிரவே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நினைவு தேயும், பிறர் பேச்சும் அதில் கலந்துவிடும்.

தம்பி சொல்லும் மற்ற இரண்டு

“தாத்தா காசில் வாங்கியது” என்பது சும்மா சொல்வதல்ல. பூர்வீகச் சொத்து என்று நிரூபித்தால், அதை ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதிவைக்க அப்பாவுக்கு அதிகாரம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் அப்பா பெயரில் கிரயம் வாங்கிய இடத்தைப் பூர்வீகம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தாத்தாவுக்கு எந்த நிலம் இருந்தது, அதை எப்போது விற்றார்கள், அந்தப் பணம்தான் 1989-ல் இதற்குப் போனதா என்று காட்ட வேண்டும். அந்தக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுங்கள். கிரயத் தொகையை எப்படிக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கும்.

“இத்தனை வருடம் நான்தான் இருந்தேன்” என்பதில் உழைப்பு உண்மை. அதனால் இடம் அவருடையதாகிவிடாது. அப்பா இருந்தவரை கடை அப்பாவின் ஆயுள் அனுபவத்தில் இருந்தது. தம்பி அவருடைய அனுமதியோடு உட்கார்ந்தவர். உரிமையாளரை எதிர்த்து நீண்டகாலம் வைத்திருப்பவர் கோரும் எதிரிடை அனுபவம் என்ற உரிமை, அனுமதியோடு இருப்பவருக்கு வராது. அதற்கு வேண்டிய பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைத் தொடங்குவதென்றாலும் அப்பா இறந்த நாளுக்கு முன்னால் தொடங்க முடியாது.

இன்னொன்றையும் அவர் யோசிக்கவில்லை. பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானால் கடை அவருக்குப் போய்விடாது. உயில் எதுவும் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. 220 சதுர அடியில் கால் பங்கு 55 சதுர அடி. ஒரு மூட்டை அடுக்கி ஒரு தராசு வைத்தால் நிறைந்துவிடும் இடத்தை எந்த நீதிமன்றமும் நான்காகக் கீறித் தராது. பாகப்பிரிவினை வழக்கில் இப்படிப்பட்ட சொத்து பெரும்பாலும் ஒருவர் மற்றவர்கள் பங்கை விலைகொடுத்து வாங்குவதில் முடியும், அல்லது ஏலத்தில் முடியும். வழக்குப் போட்டு ஜெயித்தாலும் தம்பி கடையை இழக்கக்கூடும். இதை மிரட்டலாகச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கணக்காகச் சொல்லுங்கள்.

எது உங்களுடையது, எது அவருடையது

‘கடை’ என்று நாம் சொல்வதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று இடமும் கட்டடமும். இன்னொன்று வியாபாரம்: சரக்கு, வாடிக்கையாளர், வரவேண்டிய பாக்கி, தம்பி பெயரில் இருக்கும் ஜிஎஸ்டி பதிவு. அப்பா உங்களுக்கு எழுதியது முதலாவதை மட்டும்தான். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் அளவும் கட்டடமும் மின் இணைப்பும் இருக்கின்றன, வியாபாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பி வளர்த்த வியாபாரத்தில் நீங்கள் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இதை அவரிடம் நீங்களே முதலில் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும் என்பது என் அனுபவம்.

அதனால் என் யோசனை, இப்போதைக்கு இடத்தை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு தம்பிக்கு வாடகைக்குக் கொடுப்பது. குறைந்த வாடகையாக இருக்கட்டும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தம்பி நிம்மதியாகத் தொழில் செய்யலாம், உங்கள் உரிமையும் மங்காது. கடைக்கு நடப்பு மூலதனக் கடன் வேண்டுமென்றால் சரக்கின் பேரில் வாங்க முடியுமா என்று அவர் வங்கியில் கேட்கட்டும். இடத்தை ஈடாக வைக்க உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், கடன் கட்டப்படாதபோது வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே அந்த இடத்தைக் கைப்பற்ற முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இல்லை, அவருக்கே கொடுப்பதுதான் மனசுக்கு நிம்மதி என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் விடுதலைப் பத்திரம் அதற்கு ஏற்றதல்ல. ஒரு சொத்தில் கூட்டுப் பங்கு உள்ளவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கான பத்திரம் அது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், இதில் எல்லோருக்கும் பங்கு இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும், பிறகு தங்கை வந்து, “அப்படியானால் என் பங்கு எங்கே?” என்று கேட்டால் பதில் இருக்காது. முழு உரிமையாளராக நீங்கள் தம்பிக்குப் புதிதாக ஒரு செட்டில்மெண்ட் எழுத வேண்டும். எழுதிவிட்டால் திரும்பப் பெற முடியாது. உங்கள் பிள்ளைகளின் படிப்பை முன்னால் வைத்து ஒரு முறை கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்பா ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்களே

அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் எல்லையையும் எண்ணையும் தேடிப் படித்திருப்பீர்கள், இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். “உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்பது எல்லாப் பத்திரத்திலும் வரும், எழுத்தர் தானே போடுவது. அதற்குப் பிறகு, “நான் நோயில் இருந்த காலத்தில் நீ உன் படிப்பை விட்டு இந்தக் கடையைக் காப்பாற்றியதாலும்” என்று இருக்கிறது. அதை எந்த எழுத்தரும் தானாக எழுதமாட்டார். ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதிய வரி அது.

கடைசிப் பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சாட்சிகள் இருவர். முதல் கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது. கீழே உள்ள முகவரியை வைத்துப் பார்த்தால் பக்கத்துக் கடைக்காரராக இருக்கலாம். இரண்டாவது கையெழுத்து தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது. பெயருக்குப் பின்னால் ‘க/பெ’ என்று போட்டு உங்கள் அப்பாவின் பெயர் எழுதியிருக்கிறது.

அந்தப் பத்திரம் செல்லாமல் போனால் கால் பங்கு உங்கள் அம்மாவுக்கு வரும். அப்படியிருந்தும் அன்று அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தனக்கு வரக்கூடிய பங்குக்கு எதிராகப் பேசுகிற சாட்சியை நீதிமன்றம் எளிதில் ஒதுக்காது. பத்திரம் எழுதிய பிறகு வீட்டில் அப்பா என்ன சொன்னார், உங்களை மாநகராட்சிக்கு எதற்காக அழைத்துப்போனார், பையை ஏன் கொடுத்தார் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவர்தான். மகனுக்கும் மகளுக்கும் நடுவில் நிற்பதால் அடுப்படிக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். தம்பி இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். சொத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள்.